ரூட் கேனாலுக்கு முந்தைய ஆறு நாட்கள்

என் அண்ணிக்கு முதல் ரூட் கேனால் நடந்தது ஒரு வியாழக்கிழமை காலை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே நாள் குறித்துவிட்டார்கள். இடையில் இருந்த ஆறு நாளும் அவர் பட்ட பாட்டை வீடே பார்த்தது. சோறு இறங்கவில்லை. நடு இரவில் எழுந்து உட்கார்ந்து, பல் வைத்தியம் செய்யும் வீடியோக்களைப் போர்வைக்குள் வைத்துப் பார்த்தார். வியாழக்கிழமை ஐம்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. வெளியே வந்து, மரத்துப்போன உதட்டோடு, "இவ்வளவுதானா தம்பி? இதுக்கா இப்படிப் பயந்தேன்?" என்றார்.

மூன்று மாதம் கழித்து அடுத்த பல்லுக்கு நாள் குறிக்க வேண்டி வந்தது. "போன தடவையே உயிர் போய் உயிர் வந்துச்சு, இன்னொரு தடவை என்னால முடியாது" என்றார் அதே அண்ணி. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நினைவிருந்தது.

நான் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வீட்டில் என் பேச்சு எடுபடாது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பழகிய ஒன்று. நடக்கப்போவதை நினைத்து முன்கூட்டியே வரும் பதற்றம், நடந்து முடிந்த பிறகும் தோற்றதாக ஒப்புக்கொள்ளாது. நினைவைத் திருத்தி எழுதிவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும். ஜெரி கென்ட் என்ற உளவியலாளர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பல் வைத்தியத்துக்கு வந்தவர்களிடம், எவ்வளவு வலிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்கள். முடிந்தவுடன் எவ்வளவு வலித்தது என்று கேட்டார்கள். மூன்று மாதம் கழித்து, அன்று எவ்வளவு வலித்தது என்று மறுபடி கேட்டார்கள். அதிகம் பயப்படுகிறவர்கள் கடைசியாகச் சொன்ன எண், உண்மையில் அனுபவித்த வலியைவிட முன்பு எதிர்பார்த்த வலிக்குத்தான் நெருக்கமாக இருந்தது.

"போனால் பழகிவிடும்" என்று எல்லாரும் சொல்கிறோம். அனுபவம் நினைவில் அப்படியே தங்கினால்தான் பழகும். எனவே, நான் சொல்லப்போகும் வழிமுறையில் முக்கியமான பொருள் ஒரு துண்டுச் சீட்டு. மற்றதெல்லாம் அதற்குத் துணை. அண்ணியின் இரண்டாவது பல்லுக்கு நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். பல்லுக்குப் பதில் ஸ்கேன், நேர்முகத் தேர்வு, மேடைப் பேச்சு என்று உங்களுடையது எதுவாக இருந்தாலும் முறை பெரிதாக மாறாது.

நாள் குறிக்கும்போது

கிடைக்கிற நாட்களில் முதலாவது நாள், அந்த நாளில் முதலாவது நேரம். "அடுத்த வாரம் போடுங்க, கொஞ்சம் மனசைத் தயார்படுத்திக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வாரத்தில் மனசு தயாராவதில்லை.

காத்திருப்பதே ஒரு வேதனை என்பதை கிரெகரி பெர்ன்ஸும் அவருடைய குழுவும் 2006இல் ஓர் ஆய்வில் அளந்து பார்த்தார்கள். காலில் சிறு மின்னதிர்ச்சி தருவார்கள். எவ்வளவு பலமான அதிர்ச்சி, எத்தனை நொடி கழித்து வரும் என்பது முன்பே தெரியும். பிறகு தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: கொஞ்சம் பலமான அதிர்ச்சி சீக்கிரமாகவா, லேசானது தாமதமாகவா? 32 பேரில் கால்வாசிக்கும் சற்று அதிகமானவர்கள் பலமானதையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காத்திருக்காமல் முடிந்தால் போதும் என்று கூடுதல் வலியையே விலையாகக் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள் மீது பரிதாபம் வரவில்லை, ஒரு சொந்தம்தான் வந்தது.

காலை முதல் ஆளாகப் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. மாலை ஆறு மணி என்றால் அந்தப் பகல் முழுவதும் காத்திருப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். முதல் நோயாளிக்கு டாக்டர் தாமதிப்பதும் குறைவு.

ஒரே ஒரு போன்

பயத்துக்குத் தீனி வலி மட்டும் இல்லை, தெரியாமையும்தான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 2016இல் செய்த ஒரு சோதனையில் 45 பேர் ஒரு கணினி விளையாட்டை ஆடினார்கள். கல்லைப் புரட்டும்போது கீழே பாம்பு இருந்தால் கையில் வலிக்கும் மின்னதிர்ச்சி. பாம்பு நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்தபோது இருந்ததைவிட, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் மன அழுத்தம் உச்சத்துக்குப் போனது. அடி விழும் என்று தெரிந்தால் உடம்பு ஒருவாறு ஏற்றுக்கொள்கிறது. விழுமா விழாதா என்பதைத்தான் அதால் தாங்க முடிவதில்லை.

அதனால் தெரிந்துகொள்ளக்கூடியதை எல்லாம் ஒரே தடவையில் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணி பல் மருத்துவமனைக்குப் போன் செய்து நான்கு கேள்விகள் கேட்டார். மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை தடவை வரவேண்டும்? ஊசி எங்கே போடுவீர்கள், போட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? பாதியில் வலித்தால் என்ன செய்வீர்கள்? சாப்பிட்டுவிட்டு வரலாமா? பதில்களைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். முக்கால் மணி நேரம், இரண்டு தடவை. கீழ்க் கடைவாய்ப்பல் என்பதால் வாயின் பின்புறம் ஈறுப் பகுதியில் ஊசி, உதடும் நாக்கின் ஒரு பக்கமும் மரத்துப்போகும்வரை காத்திருப்பார்கள். வலித்தால் இடது கையைத் தூக்கலாம், உடனே நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். சாப்பிட்டுவிட்டு வரலாம்.

போன் முடிந்ததோடு விசாரணையும் முடிந்துவிட வேண்டும். பலரும் வழுக்குவது இங்கேதான். வீடியோ பார்ப்பதும், போய்வந்தவர்களிடம் எல்லாம் கதை கேட்பதும் விசாரிப்பது போலவே தோன்றும். ஆனால் உங்கள் டாக்டர் சொன்ன பதில் நிச்சயமின்மையைக் குறைக்கும், முகம் தெரியாத ஒருவரின் கதை அதைக் கூட்டும். வித்தியாசம் காண ஒரு சுலபமான சோதனை உண்டு. தேடி முடித்ததும் போனைக் கீழே வைக்கத் தோன்றுகிறதா, இன்னொன்று பார்க்கத் தோன்றுகிறதா? இன்னொன்று என்றால் அது விசாரணை இல்லை.

சீட்டின் முதல் பாதி

போன் செய்த அன்றே ஒரு தாளில் உங்கள் கணிப்பை எழுதுங்கள். "ரொம்பப் பயமா இருக்கு" என்பது கணிப்பு ஆகாது. அது பொய்த்துப்போக வழியே இல்லை. பிறகு சரிபார்க்க முடிகிற மாதிரி எழுத வேண்டும்: என்ன நடக்கும், எவ்வளவு மோசமாக, அது நடக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்.

அண்ணியின் சீட்டில் மூன்று வரிகள் இருந்தன. ஊசி போட்ட பிறகும் வலிக்கும், 10க்கு 9, நிச்சயமாக. பாதியில் எழுந்து ஓடிவிடுவேன், பாதி நம்பிக்கை. மயங்கி விழுவேன், 10க்கு 3 நம்பிக்கை. இதை எழுதவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதலில், "எழுதினா அப்படியே நடந்துரும்" என்றார். இரண்டாவது வரியைக் கேட்டபோது சிரித்துவிட்டு, "வாயில மெஷினோடயா ஓடுவேன்?" என்றார். இருந்தாலும் எழுதினார்.

ஏன் இந்தப் பாடு என்றால், எழுதாத பயம் ஒரே மூட்டையாகக் கிடக்கும். நாள் முடிந்ததும் அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கவலையே நோயாகிவிட்ட 29 பேரைக் கொண்டு பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செய்து 2020இல் வெளிவந்த ஆய்வில், அவர்கள் தங்கள் கவலைகளை எழுதிவைத்துப் பிறகு சரிபார்த்தார்கள். பத்துக்கு ஒன்பது கவலைகள் நடக்கவே இல்லை. ஒன்று நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இடைப்பட்ட நாட்கள்

இந்த நாட்களில் பயத்தைத் துரத்தப் பார்க்காதீர்கள். அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1983இல் சொன்ன முறை இது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் கவலை எட்டிப் பார்த்தால், "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைத்துவிட்டுச் செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புங்கள்.

அண்ணி மாலை ஐந்தரை மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்தார். முதல் நாள் அரை மணி நேரமும் கவலைப்பட்டார். மூன்றாம் நாள் பத்தே நிமிடத்தில் கவலைப்பட ஒன்றும் மிச்சமில்லாமல் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் இவ்வளவு சீக்கிரம் நடக்காது. இது கெட்டுப்போவது இரண்டு வழியில். ஒன்று, படுக்கையில் செய்வது. அப்புறம் படுக்கைக்குப் போனாலே கவலை வந்துவிடும். இரண்டு, தள்ளிவைக்காமல் கவலையோடு வாதாட ஆரம்பிப்பது. "அப்படியெல்லாம் ஆகாது" என்று ஒரு பதில் சொன்னால் அது ஒன்பது கேள்வியோடு திரும்பி வரும்.

முந்தைய இரவு

தூக்கம் குறையும். ஐந்து மணி நேரம் தூங்கினாலும் நாற்காலியில் சும்மா சாய்ந்திருப்பதற்கு அது போதும். நேர்முகத் தேர்வுக்கும் ஓரளவு போதும்.

அன்றிரவுக்கு ஒரே விதிதான். ரத்து செய்வது பற்றி இருட்டிய பிறகு முடிவெடுக்கக் கூடாது. ரத்து செய்தவுடன் ஒரு நிம்மதி வரும், அது உண்மையான நிம்மதி. சிக்கலும் அதுதான். தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அடுத்த நாளைக் குறிக்கும்போது பயம் இன்னும் பெரிதாக வருகிறது. பல்லும் காத்திருப்பதில்லை. நரம்பு வீங்கி, சீழ் கட்டி, முகம் வீங்கின பிறகு போகிறவர்களுக்குத்தான் மருந்து சரியாக வேலை செய்யாத வாய்ப்பு அதிகம்.

காத்திருக்கும் பெஞ்சு

உச்சம் இங்கேதான் வரும், நாற்காலியில் இல்லை. 1960களில் சீமோர் எப்ஸ்டீனும் வால்டர் ஃபென்ஸும் பாராசூட்டில் குதிப்பவர்களிடம் பயத்தை அளந்தார்கள். புதியவர்களுக்குப் பயம் ஏறிக்கொண்டே போய், குதிக்கத் தயாராகச் சொல்லும் நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, உண்மையில் குதிப்பதற்குள்ளேயே இறங்கத் தொடங்கியது. பழகியவர்களுக்கும் பயம் வராமல் இல்லை. அவர்களுக்கு உச்சம் அன்று காலையிலேயே வந்துபோய்விடும். எனவே பெஞ்சில் நெஞ்சு படபடக்கும்போது, "இப்பவே இப்படின்னா உள்ளே எப்படி இருக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். அந்தக் கோடு அதே வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்காது.

ஏன் இறங்குகிறது? கற்பனையில் நாம் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மரத்துப்போகும் ஊசி அங்கே இருக்காது, டாக்டர் பதில் பேச மாட்டார், மிக மோசமான ஒரு நொடி மட்டும் ஆறு நாளாகத் திரும்பத் திரும்ப ஓடும். நிஜத்தில் அந்த நொடிக்கு முன்னும் பின்னும் நிமிடங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் சலிப்பானவை. வாயைத் திற, இந்தப் பக்கம் திரும்பு, இதைக் கடி என்று செய்வதற்கு ஏதாவது இருக்கும். கவனம் உள்ளேயிருந்து வெளியே வந்துவிடும்.

வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், டாக்டர் வேண்டாமென்று சொன்னால் ஒழிய. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் வரும் தலைசுற்றலைப் பயம் என்று நினைத்துக்கொள்வோம், அது இன்னும் பயமுறுத்தும்.

நாற்காலியில்

உட்கார்ந்தவுடன் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: "எனக்குப் பயம் அதிகம். கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்." ஒரு தடவை சும்மா தூக்கியும் பாருங்கள். டாக்டர் நிறுத்துகிறார் என்று கண்ணால் பார்த்த பிறகு அந்தக் கையைத் தூக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பல்லுக்குப் போடும் மரத்துப்போகும் மருந்தில் பெரும்பாலும் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும், மருந்து அந்த இடத்திலேயே நிற்பதற்காக. ஊசி போட்ட சில நொடிகளில் நெஞ்சு படபடக்கலாம், கை நடுங்கலாம். அது பயம் முற்றியதால் வந்தது இல்லை, மருந்தால் வந்தது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். இதயநோய் உள்ளவர்கள் மட்டும் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வலிக்கவே வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். வீங்கிச் சினந்திருக்கும் கீழ்க் கடைவாய்ப்பல்லில் முதல் ஊசி போதாமல் போவது நடக்கக்கூடியதுதான். அண்ணிக்கும் நடந்தது. கம்பி போன்ற மெல்லிய கருவி உள்ளே இறங்கும்போது சுரீர் என்றது. கையைத் தூக்கினார், நிறுத்தினார்கள், பல்லின் ஓரத்தில் இன்னொரு ஊசி. அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

ஊசியையோ ரத்தத்தையோ பார்த்தால் நிஜமாகவே மயங்கி விழுகிறவர்களுக்கு மட்டும் வேறு வழி. அவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குகிறது. "உடம்பைத் தளர்த்துங்க" என்பது அவர்களுக்குத் தவறான அறிவுரை. ஸ்வீடனில் லார்ஸ் ஓஸ்ட் உருவாக்கிய முறையில், கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் சூடு ஏறும்வரை 10-15 நொடி இறுக்கி, பிறகு 20-30 நொடி சாதாரண நிலைக்கு விட வேண்டும். இப்படி ஐந்து தடவை. வீட்டிலேயே ஒரு வாரம் பழகிக்கொண்டு போவது நல்லது.

நிகழ்ச்சி எதுவுமே இல்லாமல் வாரக்கணக்கில் இதே பதற்றம் இருந்தாலோ, வேலைக்கோ வெளியிலோ போவதையே நிறுத்திவிட்டாலோ, சீட்டு போதாது. நேரில் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பார்க்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

சீட்டின் மறுபாதி

வெளியே வந்த பத்து நிமிடத்துக்குள் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால், வழியில் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கதை சொல்லும்போதே வலி வளர ஆரம்பித்துவிடும். கணிப்பு எழுதிய அதே தாளில், ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதுங்கள்.

அண்ணி பணம் கட்டும் இடத்தில் நின்றுகொண்டே எழுதினார். ஊசி, 10க்கு 4, பத்து நொடி. சுரீர், 10க்கு 6, கையைத் தூக்கும்வரை, இரண்டு மூன்று நொடி. மற்ற நேரம் 0. வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடை வலி, 3. ஓடவில்லை. மயங்கவில்லை. கடைசியில் நான் கேட்காமலேயே ஒரு வரி சேர்த்தார்: "பெஞ்சில் இருந்தபோது 8."

6 என்பதையும் எழுதியது நல்லது. எல்லாவற்றுக்கும் 0 போட்டிருந்தால் பிறகு அந்தச் சீட்டை அவரே நம்பியிருக்க மாட்டார்.

சீட்டை மடித்துப் பல் எக்ஸ்ரே இருந்த கவரில் போட்டு வைத்தேன். இரண்டரை மாதம் கழித்து, பல்லுக்கு மூடி போட நாள் குறித்திருந்தபோது, சீட்டைக் காட்டாமல் கேட்டேன்: "அண்ணி, அன்னிக்கு எவ்வளவு வலிச்சுது? பத்துக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "எட்டு இருக்கும் தம்பி. முழுக்க வலிச்சுது."

கவரை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். தன் கையெழுத்துதானா என்று கண்ணாடி போட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அந்தத் தாளின் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்து, மூடி போடும் நாளுக்கான கணிப்பை எழுதினார்: "4."